‘சரி’ என்றது ஆமை

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியிலிருந்து ஆடி மாதக் கடைசியில் கைப்பேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. இலக்கிய மன்ற விழாவில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் போட்டி நடக்கும் என்றும், பாத்திரங்கள் விலங்குகளாகவோ பறவைகளாகவோ இருக்க வேண்டும் என்றும், கதை ஒரே ஒரு நீதியுடன் முடிய வேண்டும் என்றும், ஒரு நிமிடம் ஆனதும் மணி அடிக்கப்படும் என்றும், மணிக்குப் பிறகு சொல்வது கணக்கில் வராது என்றும் அதில் இருந்தது. படித்தவுடன் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் கதையைக் கதை என்று எப்படி ஏற்பது என்று மனைவியிடம் புலம்பினேன். நான் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்ப்பவன். பக்கத்துக்கு அடங்காத வரிகளை வெட்டுவதே என் பிழைப்பு என்பதால், வீட்டிலாவது எதையும் வெட்டாமல் இருக்கலாம் என்ற ஆசையும் அந்த எரிச்சலில் கலந்திருக்கலாம். அந்தக் கருத்து இன்று என்னிடம் பாதிதான் மிச்சம் இருக்கிறது. மற்றப் பாதி எப்படிப் போயிற்று என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மகள் தேர்ந்தெடுத்த கதை, குச்சியைக் கடித்துக்கொண்டு பறந்த ஆமையின் கதை. அவளுடைய அப்பத்தா, அதாவது என் அம்மா, அதை இரவில் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அம்மா மேலூர்ப் பக்கத்தவர். அவர் சொல்லும் கதையில் பெரியாற்றுக் கால்வாயில் அந்த வருடம் தண்ணீர் விடாமல் போனதிலிருந்து எல்லாம் வரும். கண்மாய் வற்றும்; ஊர்க்காரர்கள் ஊத்தாவோடு மீன் பிடிக்க இறங்குவார்கள்; சேற்றில் ஆமை ஒன்று தட்டுப்படும்; அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், ஏனென்றால் ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. நாரைகள் வருவதற்கே கால் மணி நேரம் ஆகும். பெரும்பாலும் ஆமை குச்சியைக் கடிப்பதற்கு முன்பே கேட்பவள் உறங்கிவிடுவாள். அந்தக் கதையை நான் எழுதியெடுத்து, தேவையில்லை என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் நீக்கிய பிறகும் 148 சொற்கள் இருந்தன. மகள் அதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஐம்பது நொடி ஆயிற்று. அவள் வேகத்துக்கு ஒரு நிமிடத்தில் எண்பது சொற்கள்தான் அடங்கும் என்பது அப்போது தெரிந்தது. தமிழில் ‘தூக்கிக்கொண்டு’ என்பது ஒரே சொல்தான். ஆனால் ஏழு வயது வாய்க்கு அது சிறிய சொல் அன்று.

நான் முதலில் செய்த தவறு, அச்சகத்தில் செய்வது போலவே எல்லா வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியது. ‘மிகவும்’ போயிற்று, ‘அழகிய’ போயிற்று, ‘ஒரு காலத்தில்’ போயிற்று. பஞ்சதந்திரத்தில் அந்த ஆமைக்குக் கம்புக்கிரீவன் என்றும் அன்னப் பறவைகளுக்குச் சங்கடன், விகடன் என்றும் பெயர்கள் உண்டு. அவற்றைப் போட்டிக்காகச் சேர்க்கலாம் என்று நினைத்திருந்தேன், அவையும் போயின. அந்தப் பெயர்களை நீக்கியதில் எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை. பறவைகள் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன, ஒன்றாகவே பேசுகின்றன. பெயர் வைத்தால் கேட்கும் பிள்ளை ‘இவர்களில் யார் என்ன செய்யப் போகிறார்’ என்று வீணாகக் காத்திருக்கும். அன்னத்தை நாரையாக மாற்றியதும் சரிதான். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் நாரையைப் பார்க்காத பிள்ளை இல்லை. அன்னத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் இப்படிச் சுரண்டிச் சுரண்டி 110 சொற்களுக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை. குறைத்தது கதையாகவும் இல்லை. எல்லாம் இருந்தது, எதற்கும் உயிர் இல்லை.

ஒரே ஆமை, இரண்டு நீதிகள்

வழி திறந்தது வேறொரு பக்கத்திலிருந்து. கதையின் முடிவில் என்ன நீதி சொல்வது என்று மகள் கேட்டாள். ‘அதிகம் பேசக் கூடாது’ என்று நான் யோசிக்காமல் சொன்னேன். அவளுடைய ஆசிரியைக்கும் அதுவே பிடித்திருந்தது. நாற்பது பிள்ளைகளை வைத்துச் சமாளிப்பவருக்கு அந்த நீதி பிடிக்காமல் எப்படி இருக்கும். ஆனால் இரவில் அம்மா சொன்ன கதையில் அந்த நீதி எங்கே இருந்தது என்று தேடினேன், இல்லை. அம்மாவின் ஆமை வாயாடி அன்று. விழுவதற்கு முன் கதை முழுவதும் அது இரண்டு முறைதான் பேசுகிறது. அப்படியானால் இந்த நீதி எங்கிருந்து வந்தது என்று வீட்டில் இருந்த பழைய தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்தேன்.

இந்தக் கதை நம் நாட்டில் இரண்டு பழைய வடிவங்களில் கிடைக்கிறது. பாலி மொழியில் உள்ள ஜாதகக் கதைகளில் அது 215ஆவது. கச்சப ஜாதகம் என்று பெயர். அங்கே அரசன் ஒருவன் ஓயாமல் பேசுகிறவன். அவன் பேசத் தொடங்கினால் பிறருக்கு வாய் திறக்க வழி இருக்காது. அவனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று அமைச்சராக இருக்கும் போதிசத்துவர் காத்திருக்கும்போது, ஆமை அரண்மனை முற்றத்தில் விழுந்து உடைகிறது. கீழே நின்ற பிள்ளைகள் கேலி செய்ய, ‘என் நண்பர்கள் என்னைத் தூக்கிப் போனால் உங்களுக்கு என்ன’ என்று பதிலுக்குப் பேச வாய் திறந்ததால் விழுந்த ஆமை அது. அங்கே ஏரி வற்றவும் இல்லை. நண்பர்கள் தாங்கள் இருக்கும் நல்ல இடத்துக்கு அழைக்கிறார்கள், அவ்வளவுதான். நீதி, பேச்சை அடக்கு என்பது, அரசனுக்குச் சொன்னது.

பஞ்சதந்திரத்தில் அதே கதை மித்திரபேதம் என்னும் முதல் தந்திரத்தில் வருகிறது. அங்கே மழை இல்லை, ஏரி வற்றுகிறது, போகாவிட்டால் உயிர் இல்லை. நண்பர்கள் வழி கண்டுபிடித்துச் சொல்கிறார்கள், எச்சரிக்கிறார்கள், ஆமை ஒப்புக்கொள்கிறது, பிறகு மீறுகிறது. கீழே கேட்கும் ஆரவாரத்தைக் கண்டு ‘இது என்ன சத்தம்’ என்று கேட்கத்தான் அது வாயைத் திறக்கிறது. நீதி, நலம் நாடும் நண்பர் சொல்லைக் கேளாதவன் கெடுவான் என்பது. கதை நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான்; விழுவதும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் குற்றம் நாக்கில் இருக்கிறது, மற்றதில் காதில் இருக்கிறது.

இதைக் கண்ட பிறகுதான் எதை வெட்டுவது என்பது விளங்கிற்று. வாயாடி ஆமையின் கதையைச் சொல்வதானால், அது வாயாடி என்பதை முன்பே காட்டியாக வேண்டும். காலையில் மீனோடு பேசியது, மதியம் தவளையோடு பேசியது என்று இரண்டு வாக்கியமாவது வேண்டும். அது பதினைந்து சொற்கள், பன்னிரண்டு நொடி. காட்டாமல் விட்டால் நீதி வெளியிலிருந்து ஒட்டியது போல நிற்கும். என் 148 சொல் கதையில் இரண்டும் கலந்து கிடந்தன: எச்சரிக்கையும் இருந்தது, வாயாட்டமும் இருந்தது, ஒன்றின் காலை மற்றது வாரியது. நண்பர் சொல் கேட்கும் கதையோ செலவு குறைந்தது. குச்சியைக் கடித்துக்கொள் என்று சொல்லும்போதே ‘வாயைத் திறக்காதே’ என்ற எச்சரிக்கையும் வந்துவிடுகிறது. அதற்கெனத் தனியாக ஒரு நொடியும் வேண்டாம். நாங்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டோம். வாயாட்டம் தொடர்பான எல்லாமே ஒரே வீச்சில் போயின, யாருக்கும் வலிக்கவில்லை. கேலி செய்யும் பிள்ளைகளை மட்டும் ஜாதகத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டோம். வெறும் ஆரவாரத்தைவிட அது சொல்பவளுக்கும் கேட்பவர்களுக்கும் நன்றாகப் பிடிபடுகிறது.

இதற்கிடையில் ஆசிரியை, முடிவில் ‘யாகாவா ராயினும் நாகாக்க’ என்ற குறளைச் சேர்க்கலாமே என்றார். எனக்கும் ஆசைதான். அடக்கமுடைமை அதிகாரத்தில் 126ஆவது குறள் ஐந்தடக்கும் ஆமையை முன்மாதிரியாகக் காட்டுகிறது. அடுத்த 127ஆவது குறளே நாவைக் காக்கச் சொல்கிறது. ஆமையும் நாவும் இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது யாருக்குத்தான் விட மனம் வரும்? ஆனால் குறளைச் சொல்லிப் பார்த்தபோது ஏழு நொடி போயிற்று என்பதைவிட வேறொன்று உறுத்தியது. காவாதவர் சொல்லிழுக்குப் பட்டுத் துன்புறுவார் என்கிறது குறள். சொன்ன சொல்லின் குற்றம் திரும்பி வந்து சுடுவதைப் பற்றியது அது. எங்கள் ஆமை ஒரு சொல்லும் சொல்லவே இல்லை. அது திட்டப் போனதோ வாழ்த்தப் போனதோ, வாயைத் திறந்த அந்த நொடியிலேயே விழுந்துவிட்டது. குறள் பெரியது, இந்தக் கதைக்கு உரியது அன்று. ஆசிரியையிடம் நேரம் போதவில்லை என்று மட்டும் சொன்னேன்.

எங்கே விழுவது

என்னை உண்மையில் மாற்றியது விழும் இடம். பழைய கதைகளில் ஆமை உடைந்து சாகிறது, அல்லது கீழே உள்ளவர்கள் அதைக் கொன்றுவிடுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் நிறைந்த கூடத்தில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நிமிடக் கதையில் சாவு வந்தால் அதை ஆற்றுவதற்கு நேரம் இல்லை. நீதியைச் சொல்லும்போது பிள்ளைகள் இன்னும் சாவிலேயே இருப்பார்கள். எனவே நான் மிகுந்த கருணையோடு ஒரு திருத்தம் செய்தேன்: ஆமை கீழே இருந்த வேறொரு கண்மாயின் தண்ணீரில் ‘தொபுக்’கென்று விழுந்து பிழைத்துக்கொண்டது. மகள் அதை ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஆறேழு பிள்ளைகளுக்குச் சொன்னாள். கைதட்டல் நன்றாகவே இருந்தது.

பிள்ளைகளிடம் ‘இந்தக் கதையின் நீதி என்ன’ என்று கேட்பதில் பயன் இல்லை. கடைசி வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவார்கள், அது புரிந்ததற்கு அடையாளம் ஆகாது. ஆகவே நான் வேறு மாதிரி கேட்டேன்: ‘ஆமை என்ன செய்திருக்க வேண்டும்?’ கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதல் மாடியில் இருக்கும் பையன், படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டே, மிகவும் யோசித்துச் சொன்னான்: “அது முன்னாடியே வாயைத் திறந்திருக்கலாம் மாமா. பக்கத்துலயே தண்ணி இருந்திருக்குல்ல.”

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆமைக்குத் தண்ணீர் வேண்டும், வாயைத் திறந்தது, தண்ணீர் கிடைத்தது. நண்பர் சொல்லைக் கேட்டிருந்தால் இன்னும் நெடுந்தூரம் தொங்கிக்கொண்டே போயிருக்க வேண்டும். நான் நீதியாக எழுதிக் கொடுத்த வாக்கியம் ஒன்று, கதை நடந்து காட்டியது அதற்கு நேர் எதிரானது. பிள்ளைகள் வாக்கியத்தை நம்பவில்லை, கதையை நம்பினார்கள். என் கருணையால் வந்த கோளாறு அது. ஆமையின் உயிரை நான் காப்பாற்றியிருக்கலாம். அது இழந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுத்திருக்கக் கூடாது.

அன்று இரவு அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “ஏன், கம்மாய்ச் சேத்துலயே விழுந்துட்டுப் போகட்டுமே” என்றார். எங்கள் ஊர்க் கண்மாய் ஆமைகள் வறட்சி வந்தால் சேற்றில் புதைந்து மாதக்கணக்கில் கிடக்கும் என்பதை அவர் சிறு வயதில் மீன் பிடிக்க இறங்கியபோதே கண்டவர். சேற்றில் விழும் ஆமை சாகாது. ஆனால் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே கிடக்கும். அதற்காக நாரைகள் நெடுந்தூரம் பறக்கக் கூடாது, கண்மாய்க் கரையைக்கூடத் தாண்டக் கூடாது. கேலி செய்யும் பிள்ளைகளும் கரையிலேயே நிற்க வேண்டும். அதனால் வானம், மலை, வயல், ஊர் என்று நான் வைத்திருந்த பறக்கும் காட்சி முழுவதும் தேவையில்லாமல் போயிற்று. நான் வெட்ட முடியாமல் வெட்டிக்கொண்டிருந்த பதினெட்டுச் சொற்கள் தாமாக விழுந்தன. கடைசியில் கதை இப்படி நின்றது:

“ஒரு கண்மாயில் ஓர் ஆமையும் இரண்டு நாரைகளும் நண்பர்களாக இருந்தன. கோடையில் கண்மாய் வற்றியது. நாரைகள் ஒரு குச்சியைக் கொண்டுவந்தன. ‘ஆமையே, இதை நடுவில் கடித்துக்கொள். தண்ணீர் உள்ள கண்மாய்க்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். வழியில் வாயை மட்டும் திறக்காதே!’ என்றன. ‘சரி’ என்றது ஆமை. குச்சியைக் கடித்தது. நாரைகள் மேலே பறந்தன. கரையில் நின்ற பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். ‘அதோ பார், பறக்கும் ஆமை!’ ஆமைக்குக் கோபம் வந்தது. ‘உங்களுக்கு என்ன?’ என்று கேட்க வாயைத் திறந்தது. தொப்! பழைய கண்மாய்ச் சேற்றிலேயே விழுந்தது. நாரைகள் தண்ணீரைத் தேடிப் போய்விட்டன. நல்ல நண்பர் சொன்னால் கேட்க வேண்டும்.”

மொத்தம் 69 சொற்கள். இதில் ‘சரி என்றது ஆமை’ என்ற மூன்று சொற்களை இரண்டு முறை நீக்கி இரண்டு முறையும் திரும்பச் சேர்த்தேன். அவை இல்லாவிட்டால் கதை ஓடும். ஆனால் ஆமைக்கு எச்சரிக்கை காதில் விழுந்ததா என்பதே தெரியாது. விழாத எச்சரிக்கையை மீறினான் என்று யாரையும் குறை சொல்ல முடியாது. நீதியின் முன்னால் வழக்கமாக வைக்கும் ‘ஆகவே குழந்தைகளே, இக்கதையினால் நாம் அறிந்துகொள்வது என்னவென்றால்’ என்ற நீண்ட வாசற்படியை எடுத்துவிட்டோம். சேறு வரைக்கும் கதை ஒழுங்காக வந்திருந்தால் அந்தப் படி இல்லாமலேயே கடைசி வாக்கியம் உள்ளே போய்விடும். மறுநாள் மாடிப்படிப் பிள்ளைகளிடம் அதே கேள்வியை அதே மாதிரி கேட்டேன். அந்தப் பையன்தான் முதலில் சொன்னான், சற்று அலுப்போடு: “வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். அதுங்கதான் சொல்லுச்சுங்கல்ல.”

எண்பது சொற்கள் அடங்கும் நேரத்துக்கு 69 சொற்கள் எதற்கு என்றால், மீதி நேரம் பேசாமல் இருப்பதற்கு. ‘குச்சியைக் கடித்தது’ என்றதும் மகள் ஒரு பென்சிலைப் பற்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு நொடி எல்லாரையும் பார்ப்பாள்; பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு தொடர்வாள். ‘வாயைத் திறந்தது’ என்பதற்கும் ‘தொப்’ என்பதற்கும் நடுவில் இன்னும் ஒரு நொடி. வீட்டில் 57 நொடி வந்தது, மேடை ஒத்திகையில் 44 நொடிதான் வந்தது. பிள்ளைகள் மேடையில் சொற்களை விழுங்குவதில்லை, மௌனங்களைத்தான் விழுங்குகிறார்கள். ‘நிதானமாகச் சொல்’ என்று சொல்லிப் பயன் இல்லை என்பதைக் கண்டு, பென்சிலைக் கடிப்பதையும் கையைக் கீழே விடுவதையும் செயல்களாகப் பழக்கினேன். கைக்கு வேலை இருந்தால் வாய் காத்திருக்கிறது.

போட்டியன்று 58ஆவது நொடியில் முடித்தாள். மணி அவள் வணக்கம் சொல்லும்போது அடித்தது. பரிசு காக்கை, நரி கதை சொன்ன பையனுக்குப் போயிற்று. அவனுடைய காக்கைக் குரலைக் கேட்டவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். எனக்கு ஒரு நிமிடம் என்னும் விதியின் மேல் இருந்த எரிச்சல் முழுவதும் போகவில்லை. ஒரு கதைக்குள் ஒரு நீதிதான் இருக்க முடியும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. இந்த ஆமையே இரண்டு நீதிகளைச் சுமந்துகொண்டு வந்த ஆமைதானே. ஆனால் அம்மாவின் நீண்ட கதையில் நான் அதுவரை கவனிக்காமல் விட்டிருந்த ‘சரி’ என்ற ஒரு சொல்லை எனக்குக் காட்டியது அந்த மணிதான்.

ஒரு கேள்வியை மட்டும் அந்த 69 சொற்களுக்குள் எங்களால் அடைக்க முடியவில்லை. ஒத்திகையின் நடுவிலேயே மகள் அதைக் கேட்டாள்: சேற்றில்தானே விழுந்தது, அடிபடவில்லையே, நாரைகள் திரும்பி வந்து மறுபடியும் தூக்கலாமே? தூக்கலாம். சாவை எடுத்துவிட்ட கதையில் அந்த ஓட்டை இருக்கத்தான் செய்யும். ‘போய்விட்டன’ என்று கதவைச் சாத்தியது நான். அது நண்பர்கள் செய்யும் காரியமாக எனக்கே தோன்றவில்லை. அதற்குப் பதில் சொல்ல இன்னும் இருபது சொற்கள் வேண்டும், பிறகு நீதியும் மாறிவிடும் என்று சொல்லி அவளை அடக்கிவிட்டேன்.

போட்டி முடிந்த அன்று இரவு கதை சொன்னது அவள்தான், கேட்டது அப்பத்தா. நான் அடுத்த அறையில் மெய்ப்புத் தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். ஆமை சேற்றில் விழுந்த பிறகு நாரைகள் குச்சியைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தன. ஆமை முதலில் கோபித்துக்கொண்டு சேற்றுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. நாரைகள் கரையில் நின்ற பிள்ளைகளிடம் போய்ச் சண்டை போட்டன. பிள்ளைகளில் ஒருவன் ஆமையைக் கழுவிக் கொடுத்தான். நேரம் பத்தைத் தாண்டியிருந்தது, ஆமை இன்னும் குச்சியைக் கடிக்கவில்லை.

“அப்புறம்?” என்றார் அம்மா, பாதித் தூக்கத்தில்.